டிபி போர்டு முன்னாடி கழியுற முதல் மூணு வருஷம்

கேள்வி: அண்ணா, நாங்க டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். என் பையனுக்கு 19 வயசு, என்-3 டெக்னிக்கல் படிப்பு முடிச்சிட்டான். ஒரு வேர்ஹவுஸ்ல மாசம் 9,500 ரேண்டுக்கு வேலை ரெடியா இருக்கு. இன்னொரு பக்கம் எலக்ட்ரீஷியன் அப்ரென்டிஸா சேர வாய்ப்பு, ஆனா 5,000 தான் தர்றாங்களாம். அவங்க அப்பா "கையில வர்ற காசை விடாதே"ங்கறாரு. தொழில் கத்துக்கிட்டா பின்னாடி பெருசா வரும்னு எல்லாரும் சொல்றாங்க, அது நிஜமாவே கணக்குக்கு ஒத்து வருமா?

தங்கச்சி, நான் இந்த ஊர்ல 22 வருஷமா எலக்ட்ரிக்கல் வேலையில இருக்கேன், அதுல பாதிக்கு மேல பசங்களை வச்சு வேலை வாங்கி, வேலை கத்துக்கொடுத்து கழிஞ்சது. அதனால பொதுவா பேசாம எனக்குத் தெரிஞ்ச இந்தத் தொழிலை வச்சே சொல்றேன். கணக்கு ஒத்து வரும், ஆனா எந்த இடத்துல ஒத்து வரும், எங்க ஒத்து வராதுங்கறதையும் சேர்த்துப் பார்க்கணும்.

முதல்ல "கத்துக்கிட்டது வட்டி போடுது"ன்னு சொல்றாங்களே அது எப்படி நடக்குதுன்னு ஒரு உண்மைச் சம்பவத்தோட சொல்றேன், இது புரியாம ரேண்டு கணக்கு மட்டும் போட்டா மனசுல நிக்காது.

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு டேக்அவே கடையிலருந்து போன். தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனா எர்த் லீக்கேஜ் டிரிப் ஆகுது, கடை பூரா இருட்டு. ஏற்கனவே ஒருத்தர் வந்து பார்த்திருக்காரு. ஆறு மணிக்குத்தான் வெளிய இருக்கற கடைப் பேர் போர்டு லைட்டைப் போடுவாங்க, அதனால அவரு அந்த லைட்டோட பிரேக்கரை ஆஃப் பண்ணிப் பார்த்தாரு, அப்பவும் டிரிப் ஆச்சு. சரி லைட்டுல தப்பில்லைன்னு முடிவு பண்ணி எர்த் லீக்கேஜ் யூனிட்டையே புதுசா மாத்திட்டாரு. மறுநாள் ஆறு மணிக்கு திரும்பவும் அதே கதை. கடைக்காரருக்கு யூனிட் காசும் போச்சு, வியாபாரமும் போச்சு.

என்ன ஆச்சுன்னா, எர்த் லீக்கேஜ்ங்கறது லைவ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கற ஒரு தராசு மாதிரி. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா விழுந்துடும். நம்ம ஊர் வீடு, கடைங்கள்ல சாதாரணமா இருக்கற ஒத்தைப் பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வயர் அப்படியே நியூட்ரல் பார்ல மாட்டிக்கிட்டே இருக்கும். வெளிய இருந்த லைட்டோட ஜாயின்ட் பாக்ஸ்ல மழைத் தண்ணி இறங்கி நியூட்ரல் போய் எர்த்தைத் தொட்டுருந்துச்சு. லைட்டை ஆஃப் பண்ணினாலும் அந்தத் தொடர்பு போகாது இல்லையா. சாயங்காலம் பிளக்ல மாட்டுற ஃபிரையர் ரெண்டையும் போட்டதும் பெரிய கரண்டு நியூட்ரல்ல திரும்பி வருது, அதுல ஒரு பங்கு இந்த ஓட்டை வழியா எர்த்துல நழுவுது, தராசு சாயுது, டிரிப். ஆக குற்றவாளி லைட் லைனு, ஆனா அதை ஆஃப் பண்ணினாலும் டிரிப் நிக்காது. பிரேக்கரை ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணித் தேடுறவனுக்கு இது ஆயுசுக்கும் கிடைக்காது. மெயினை ஆஃப் பண்ணி, பிளக்ல இருக்கறதை எல்லாம் கழட்டி, நியூட்ரல் பார்லருந்து ஒவ்வொரு நியூட்ரலா எடுத்து, இன்சுலேஷன் சோதிக்கற மெகர் வச்சு எர்த்துக்கும் அதுக்கும் நடுவுல 500 வோல்ட் விட்டுப் பார்க்கணும். நல்ல லைன் பல மெகஓம் காட்டும், குறைஞ்சது ஒரு மெகஓம் இருந்தே ஆகணும், இந்த லைன் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுச்சு.

என் கூட வந்த பையன் அப்ப ரெண்டாவது வருஷ அப்ரென்டிஸ். நான் வாய் திறக்காம பார்த்துக்கிட்டே இருந்தேன், அவன் கண்டுபிடிக்க மூணு மணி நேரம் ஆச்சு. அடுத்த மாசம் இன்னொரு வீட்டுல இதே வகை ஃபால்ட், முக்கால் மணி நேரத்துல முடிச்சான். இப்ப அந்த மூணு மணி நேரம் முக்கால் மணி ஆனதுல மிச்சம் ரெண்டேகால் மணி நேரம் இருக்கு பாருங்க, அது சும்மா போகலை, அதே நாள்ல இன்னொரு ஃபால்ட் பார்க்கப் போனான், அங்க வேற ஒண்ணு கத்துக்கிட்டான். முதல் வருஷம் மாசத்துக்கு நாலு புது விஷயம் பார்த்தவன் மூணாவது வருஷம் வாரத்துக்கு நாலு பார்க்கறான். கத்துக்கற வேகமே கூடுது. இன்னொண்ணு, ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கறவன்னு பேர் வந்துட்டா கஷ்டமான வேலை எல்லாம் அவன்கிட்டத்தான் போகும், சுலபமான வேலையை யார் வேணா செய்யலாம் இல்லையா. கஷ்டமான வேலை வந்தாத்தான் மேல கத்துக்க முடியும். இதுதான் வட்டிக்கு வட்டி. வேர்ஹவுஸ்ல பெட்டி எடுத்து வைக்கற வேலை கேவலம்னு நான் சொல்ல மாட்டேன், நேர்மையான உழைப்பு அது, ஆனா ஆறு மாசத்துல கத்துக்க வேண்டியது எல்லாம் கத்து முடிஞ்சிடும், அதுக்கப்புறம் ஏழாவது மாசமும் எழுபதாவது மாசமும் ஒண்ணுதான்.

2022, 23ல லோட்ஷெடிங் உச்சத்துல இருந்தப்ப இதை நான் கண்ணால பார்த்தேன். எல்லா வீட்டுலயும் இன்வெர்ட்டர் வேணும், பேட்டரி வேணும், சோலார் வேணும். எங்க தொழில்லயே சோலாரைப் பத்தி யாரும் காலேஜ்ல படிச்சு வரலை. ஆனா நியூட்ரல், எர்த், லோடு பிரிக்கறது, பிரேக்கர் சைஸ் இதெல்லாம் அடியிலருந்து தெரிஞ்ச பசங்க ரெண்டு மூணு வாரத்துல புது வேலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பத்து வருஷம் கேபிள் மட்டும் இழுத்தவங்க அப்பவும் கேபிள்தான் இழுத்தாங்க, அவங்களை விட வயசுல சின்னவன் கீழ. பழைய அறிவு புது அறிவை உள்ள இழுத்துக்குது, பணம் இந்த வேலையைச் செய்யாது.

சரி, இப்ப ரேண்டு கணக்கு. இது நான் உதாரணத்துக்குப் போடற கணக்கு, உங்க பையனுக்கு வர்ற உண்மையான எண்களைப் போட்டு நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. வேர்ஹவுஸ் 9,500ல ஆரம்பிச்சு வருஷம் ஆறு பர்சன்ட் ஏறுதுன்னு வச்சுக்கலாம்: 9,500, அப்புறம் 10,100, 10,700, 11,300, 12,000, ஆறாவது வருஷம் 12,700. அப்ரென்டிஸ் 5,000, 6,500, 8,000, மூணு வருஷம் முடிஞ்சு டிரேட் டெஸ்ட் பாஸ் பண்ணினதும் 16,000, அடுத்து 17,500, ஆறாவது வருஷம் 20,000.

முதல் மூணு வருஷத்துல உங்க பையன் வேர்ஹவுஸ் பையனை விட மொத்தமா ஏறக்குறைய 1,30,000 ரேண்டு பின்தங்கி இருப்பான். இது சின்னத் தொகை இல்லை, அவங்க அப்பா பயப்படறதுல நியாயம் இருக்கு. நாலாவது வருஷம் 56,000 திரும்பி வருது, அஞ்சாவது வருஷம் 66,000. ஆறாவது வருஷம் முதல் மாசத்துலயே ரெண்டு பேரும் சமம். அங்கிருந்து பத்தாவது வருஷம் வரைக்கும் ரெண்டு பேருக்கும் அதே ஆறு பர்சன்ட் மட்டும்தான் ஏறுதுன்னாலும் அவன் மாசம் 16,000, இவன் 25,000 கிட்ட. ஒரே பர்சன்ட், ஆனா அடிமட்டம் வேறங்கறதால இடைவெளி வருஷா வருஷம் அகலமாகுது. உங்க பையனுக்கு அப்ப 29 வயசு. 60 வரைக்கும் இன்னும் முப்பத்தோரு வருஷம் இருக்கு.

ஒருத்தர் கேட்கலாம், வேர்ஹவுஸ் பையன் அந்தக் கூடுதல் காசை பேங்க்ல போட்டா அதுவும் வட்டி போடுமேன்னு. நியாயமான கேள்வி, நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு ரேண்டு கூட செலவு பண்ணாம அத்தனையும் எட்டு பர்சன்ட்டுக்குப் போட்டுட்டே வந்தாலும் (இவனுக்குப் பின்னாடி வர்ற கூடுதலுக்கும் அதே வட்டி வச்சுக்கிட்டா) சமமாகற நாள் ஒரு அரை வருஷம் தள்ளிப் போகுது, அவ்வளவுதான். 19 வயசுல மாசம் 4,500ஐ தொடாம வைக்கற பையனை நான் இதுவரைக்கும் பார்க்கலை, புது போனும் கார் இன்ஸ்டால்மென்ட்டும் முதல் சம்பளத்துக்காகவே காத்துக்கிட்டு இருக்கும்.

இன்னொரு விஷயம் யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க. 2021 ஜூலை கலவரத்துல டர்பன்ல எத்தனை வேர்ஹவுஸ் எரிஞ்சதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எங்க தெருவுல மட்டுமே மூணு வீட்டுல ஒரே வாரத்துல வேலை போச்சு. சம்பளம் கம்பெனிகிட்ட இருக்கறது, கம்பெனி போனா அதுவும் போயிடும், அடுத்த இடத்துல திரும்ப அடியிலருந்து ஆரம்பிக்கணும். அதே மாசம் என்கிட்ட இருந்த பசங்களுக்கு மூச்சு விட நேரம் இல்லை, எரிஞ்ச கடைக்கெல்லாம் புது வயரிங் போடணும்.

ஏன் தொழில் கத்துக்கொடுக்கற இடத்துல சம்பளம் குறைச்சலா இருக்குன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. கேரி பெக்கர்னு ஒரு பொருளியல் நிபுணர், 1992ல நோபல் பரிசு வாங்கினவரு, இதை அழகா பிரிச்சுச் சொன்னாரு. ஒரு கம்பெனிக்குள்ள மட்டும் பயன்படற பயிற்சின்னா செலவுல பெரும்பங்கை கம்பெனி ஏத்துக்கும், பையன் போயிட்டாலும் அது வெளிய எங்கயும் செல்லாது. எங்க போனாலும் செல்லுபடியாகற பயிற்சின்னா கம்பெனி செலவு பண்ணத் தயங்கும், நாளைக்கு பையன் அந்த அறிவைத் தூக்கிட்டு பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடுவானே. அதனால அந்தச் செலவைப் பையனே குறைஞ்ச சம்பளம் மூலமா கட்டறான். அப்ப 4,500 குறையுதுங்கறது நஷ்டம் இல்லை தங்கச்சி, ஃபீஸ். காலேஜுக்குக் கட்டற ஃபீஸை யாரும் நஷ்டம்னு சொல்றதில்லை, இதை மட்டும் அப்படிப் பார்க்கறோம்.

ஆனா ஃபீஸ் கட்டினா பாடம் நடக்கணும். இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க, நானும் ஏமாந்திருக்கேன். என்னோட முதல் கம்பெனியில 14 மாசம் செவுத்துல காடி வெட்டுறதும் குழாய் பதிக்கறதும்தான் வேலை. டிபி போர்டு மூடியைக் கூடத் திறக்க விடலை. 14 மாசம் அனுபவம்னு பேப்பர்ல இருக்கும், ஆனா நிஜத்துல ரெண்டு மாச அனுபவத்தை ஏழு தடவை திரும்பத் திரும்பச் செஞ்சது அது. குறைஞ்ச சம்பளமும் வாங்கி, கத்துக்கவும் இல்லைன்னா அதைவிட வேர்ஹவுஸே மேல், இதை நான் மனசாரச் சொல்றேன். பதிவு பண்ணின லேர்னர்ஷிப், அப்ரென்டிஸ் கான்ட்ராக்ட்டுக்கு கம்பெனிக்கு வரிச் சலுகை கிடைக்குது, அந்தச் சலுகைக்காகவே பசங்களைச் சேர்த்துட்டு பாடம் எதுவும் சொல்லித்தராத இடங்களும் இருக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கறது? சேர்றதுக்கு முன்னாடி மூணே மூணு கேள்வி கேக்கச் சொல்லுங்க. கான்ட்ராக்ட் மெர்செட்டா மாதிரி தொழில் பயிற்சியைக் கவனிக்கற ஒரு செட்டா அமைப்புல பதிவு ஆகுமா, பதிவு நம்பர் என் கைக்கு எப்ப வரும்? என் லாக்புக்ல கையெழுத்துப் போடற ஆர்ட்டிசன் யாரு, அவரு நான் வேலை செய்யற சைட்லயே இருப்பாரா? போன ரெண்டு வருஷத்துல இங்கருந்து டிரேட் டெஸ்ட் எழுதின பசங்க யாரு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா? மூணாவது கேள்விதான் உரைகல். நல்ல கம்பெனி உடனே ரெண்டு பேர் போன் நம்பர் தரும். பதில் சொல்லாம மென்னு முழுங்குற கம்பெனியில பசங்க கேபிள்தான் இழுப்பாங்க. சேர்ந்ததுக்கு அப்புறம் லாக்புக்கைப் பாருங்க, வருஷக் கடைசியில ஒரே பேனாவுல ஒரே நாள்ல எல்லாப் பக்கமும் ரொம்பியிருந்தா அது பொய்க் கணக்கு, டிரேட் டெஸ்ட்ல மோட்டார் ஸ்டார்ட்டர் வயரிங்கும் ஃபால்ட் கண்டுபிடிக்கறதும் வரும்போது கை நடுங்கும்.

டிரேட் டெஸ்ட் பாஸ் ஆனதோட நிறுத்திடறதும் ஒரு தப்பு. ரெட் சீல் சர்ட்டிபிகேட் வாங்கினவன் நல்ல எலக்ட்ரீஷியன், ஆனா வீட்டுக்கும் கடைக்கும் வயரிங் விதிப்படி சரியா இருக்குன்னு தர்ற சிஓசி சர்ட்டிபிகேட்டுல அவன் கையெழுத்துப் போட முடியாது. அதுக்கு இன்ஸ்டலேஷன் ரூல்ஸ் பரீட்சை ரெண்டு பேப்பரும் எழுதி, லேபர் டிபார்ட்மென்ட்ல இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன்னு பதிவு பண்ணணும். இந்த நாட்டுல வீடு கைமாறும்போது ரெண்டு வருஷத்துக்கு மேல பழசாகாத சிஓசி இருந்தே ஆகணும்னு சட்டம், அப்ப வீடு விக்கற வரைக்கும் அந்தக் கையெழுத்துக்குத் தேவை இருந்துக்கிட்டே இருக்கும். பல பசங்க 16,000 கண்ணுல பட்டதும் படிப்பை மூடி வச்சிடறாங்க, அஞ்சு வருஷம் கழிச்சும் இன்னொருத்தர் கையெழுத்துக்காக வேலை செஞ்சுக்கிட்டு இருக்காங்க. உங்க பையன் என்-3 முடிச்சிருக்கான்னு சொன்னீங்க, அதுல இந்தப் பேப்பர் எழுதியிருக்கானான்னு பாருங்க, இல்லைன்னா புத்தகம் மறக்கறதுக்கு முன்னாடி அப்ரென்டிஸா இருக்கும்போதே எழுதிடறது உத்தமம்.

கம்பெனி மாறுறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. டோபல், வார்ட்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1992ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இளைஞர்களோட முதல் பத்து வருஷச் சம்பள உயர்வுல மூணுல ஒரு பங்காவது வேலை மாறும்போதுதான் வருதுன்னு. எங்க தொழில்லயும் அப்படித்தான், ஒரே இடத்துல இருந்தா ஆறு பர்சன்ட், மாறினா ஒரே தாவல். ஆனா தாவுறதுக்குக் கையில எடுத்துட்டுப் போக ஏதாவது இருக்கணும், அது முதல் மூணு வருஷத்துல சேர்த்ததுதான்.

இப்ப உங்க வீட்டு நிலைமை. மாசம் குறையற 4,500ஐ வீடு தாங்குமா? தாங்கும்னா, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாவது தாங்கும்னா, அப்ரென்டிஸ்தான், யோசிக்கவே வேணாம். ஆனா அந்தக் குறையை கந்துவட்டி மஷோனிசாகிட்ட கடன் வாங்கித்தான் அடைக்கணும்னா தயவுசெஞ்சு வேணாம். மாசத்துக்கு முப்பது பர்சன்ட் கேக்கற கடனுக்கு முன்னாடி எந்தத் தொழிலும் ஓடி ஜெயிக்காது, அவன் ஆர்ட்டிசன் ஆகறதுக்குள்ள வீடு முழுகிடும். அப்படி ஒரு நிலைமைன்னா வேர்ஹவுஸ்ல சேரட்டும், வெக்கப்பட ஒண்ணுமில்லை, ஆனா அங்கயே மெயின்டனன்ஸ் டீம்னு ஒண்ணு இருக்கும், ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர், கன்வேயர் மோட்டார் எல்லாம் பார்க்கறவங்க, அங்க மாறுறதுக்கு முதல் நாள்லருந்தே கேட்டுக்கிட்டே இருக்கட்டும். சில வருஷ எலக்ட்ரிக்கல் வேலை அனுபவத்தை ஆதாரத்தோட காட்டி ஏஆர்பிஎல் வழியாவும் டிரேட் டெஸ்ட் எழுதலாம். சுத்து வழி, நேரம் கூட ஆகும், ஆனா கதவு மூடலை. ஒரே கண்டிஷன், செஞ்ச ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு எழுதி சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கி வைக்கணும், பின்னாடி ஞாபகத்துல இருந்து எழுதினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

அப்ரென்டிஸா சேர்ந்தா முதல் மூணு மாசம் நீங்களே வீட்டுல ஒரு சோதனை வைங்க. வாரம் ஒரு நாள், சாப்பாடு போடும்போது, "இந்த வாரம் என்ன ஃபால்ட் பார்த்தே, எப்படிக் கண்டுபிடிச்சே?"ன்னு கேளுங்க. உங்களுக்குப் புரியணும்னு அவசியமில்லை. அவன் ஒவ்வொரு வாரமும் வேற கதை சொன்னான்னா விட்டுடுங்க, அங்கயே இருக்கட்டும். பன்னெண்டு வாரமும் காடி வெட்டினேன், கேபிள் இழுத்தேன்னே சொன்னா எனக்கு எழுதுங்க, வேற இடம் பார்க்கலாம். அவன் பேர்ல பதிவு ஆன கான்ட்ராக்ட்டை இன்னொரு கம்பெனிக்கு மாத்திக்க வழி இருக்கு.